அண்ணி கேலியை நிறுத்திய வருஷம்

என் வயதுக்காரர்களை ஒன்று கேட்கிறேன். உங்களைக் கேலி செய்துகொண்டிருந்த ஒருவர் என்றைக்கு அதை நிறுத்தினார் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஆரம்பித்த நாள் நினைவிருக்கும். பட்டப்பெயர் வைத்த இடம், அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் கூட நினைவிருக்கும். நின்ற நாளை மட்டும் யாரும் குறித்து வைப்பதில்லை. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறோம், சத்தம் நின்றால் நிம்மதி என்று இருந்துவிடுகிறோம்.

எனக்கு நினைவிருக்கிறது. காரணம், அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அதற்கு அடி வாங்கியது நான் இல்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு ஒரு நாட்டு ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் வீட்டைவிடப் பெரிய லாயம். நான்கு குதிரை, மூன்று ஜட்கா. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் மோட்டார் வைத்திருந்தவர்கள்கூட ஜட்காவில் போனார்கள். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் சிப்பாய்கள் இறங்கி இறங்கி வந்தார்கள். அப்பா ஒரு வண்டி, அண்ணன் ஒரு வண்டி, மூன்றாவதற்குச் சம்பள ஆள். எனக்கு ஒன்பது வயது. வண்டிப் படியிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்து போயிருந்தது.

எங்கள் வீட்டில் அடி என்பது காலைக் காப்பி மாதிரி. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். அப்பா கடிவாள வாரால் அண்ணனை அடித்து வளர்த்தார். அம்மா என்னைக் கரண்டிக் காம்பால் அடித்தாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கோலை நிமிர்த்திப் பிடித்து விரல் முட்டியில் போடுவார். ஸ்டாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெல்ட்டைக் கழற்றி ஜட்காக்காரர்களை அடிப்பார்கள். ஜட்காக்காரர்கள் குதிரையை அடிப்பார்கள். நான் அடிப்பதற்கு ஆளில்லாமல் ஒரு துணிப் பொம்மை வைத்திருந்தேன், அதற்குக் கண்ணே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தலைவாரிக்கொண்டு பூசைக்குப் போய் முட்டிபோடுவோம். இதையெல்லாம் அப்போது யாரும் கொடுமை என்று சொன்னதில்லை. வளர்ப்பு என்றார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் கிறிஸ்துமஸ் கழிந்ததும் அண்ணி வந்தாள். தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை. ஒரு தகரப் பெட்டி, ஒரு கருங்காலிச் சீப்பு, ஒரு பெரிய சிரிப்பு, இவ்வளவுதான் கொண்டுவந்தாள். வந்த மறுநாள் காலை நான் அடுப்பங்கரையில் போய் நின்று பெயர் சொன்னேன். அவள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய் ஓட்டைப்பல்லு, வாயை மூடிக்கினு பேசு. காத்து வருது, அடுப்பு அணைஞ்சிரும்."

அம்மா திகைத்தாள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் கேலி பேசும் முறை உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதுவரை அந்த வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்து ஒருவர் வம்புக்கு இழுத்ததில்லை. அடிப்பதற்கு எதிரே ஆள் வேண்டியதில்லை, கேலி செய்வதற்குத்தான் வேண்டும். எதிராளி திருப்பிச் சொல்வாள் என்று நம்பித்தான் கேலி செய்கிறோம். அண்ணி ஒன்றைச் சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாள். என் பதில் வரும்வரை அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் சரி.

"தங்கவயல்லருந்து வந்தியே, ஒரு குந்துமணித் தங்கமாவது கொண்டாந்தியா?" என்று நான் கேட்டேன்.

"கொண்டாந்தேனே. உங்க வீட்டுக் குதிரை தின்னுடுச்சு. லத்தியில தேடிப் பாரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் குச்சியை வைத்துத் தேடியும் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் லாயக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் குதிரைகள் நான்கும் காதை நிமிர்த்தின.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. என் தலையை வாரும்போது, "இது இன்னா கூந்தலா, கொள்ளுச் சாக்கா?" என்பாள். என் தட்டிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள். தினம் வரும் பால்கார அம்மாவையும் அண்ணனையும்கூட விடவில்லை. தலைப்பாகையைக் கோணலாகக் கட்டிக்கொண்டு வண்டியேறும் அவனுக்கு 'ஜட்காத் தொரை' என்று பெயர் வைத்தாள். அண்ணனும் ஆரம்பத்தில் அதற்குச் சிரிக்கத்தான் செய்தான். சொல்லப்போனால் அவன் பல்லை நான் முழுசாகப் பார்த்ததே அந்த ஐந்து மாதத்தில்தான்.

அப்புறம் மழை பிடித்த சமயம், ஒருநாள் காலை நான் தலைவார உட்கார்ந்தேன். அண்ணி வாரினாள், பின்னினாள், ரிப்பன் கட்டினாள். "ஆச்சும்மா" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. ஏதோ ஒன்று வராமல் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே போய்விட்டால் இருக்குமே, அப்படி. கொள்ளுச் சாக்கு வரவில்லை. ஓட்டைப்பல்லும் வரவில்லை. 'ஆச்சும்மா' மட்டும்தான் வந்தது.

முந்தைய வாரம் அவளுடைய கருங்காலிச் சீப்பை நான் தொலைத்திருந்தேன். கிணற்றடியில் வைத்தேன், காணோம். அவள் அப்போது, "சீப்பு போனா போவுது, பேனுக்குத்தான் இனிமே கொண்டாட்டம்" என்று சொல்லி விட்டுவிட்டாள். இல்லை, மனசுக்குள் கோபம் இருந்திருக்கிறது, அதுதான் இப்போது வெளியே வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். ஒன்பது வயசில் உலகத்தில் நடப்பதெல்லாம் நம்மால்தான் நடக்கிறது.

அதன்பிறகு நான் அவளைப் பூனை எலியைப் பார்ப்பதுபோலக் கவனித்தேன். என்னைப் பட்டப்பெயரை விட்டுவிட்டு ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் என்ன கேட்டாலும் உடனே, சின்னதாகப் பதில் வந்தது. சொன்னபின் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கவில்லை, அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் வேண்டுமென்றே தப்பாக எதையாவது சொல்லிப் பார்ப்பேன். "அண்ணி, இந்தக் கொழம்புல குதிரைதான் வாய் வெக்கும்." அதற்கும், "சரிம்மா, நாளைக்கு நல்லா வெக்கிறேன்" என்பாள். அப்பளத்தைப் பிடுங்குவது நின்றது மட்டுமில்லை, தன்னுடையதையும் என் தட்டில் வைத்தாள். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

"அண்ணிக்கு எம்மேல கோவமாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? பொண்ணு அடங்கிட்டா. ஆறு மாசத்துல அடங்கணும், அடங்கிட்டா" என்றாள் அம்மா. குரலில் திருப்தி. அப்பாவும் கொள்ளு அளந்துகொண்டே தலையாட்டினார்.

அதே வாரத்தில்தான் எங்கள் பழுப்புப் பெட்டை கடிப்பதை நிறுத்தியது. அந்தக் குதிரை சேணம் மாட்டப் போகிறவர்களின் சட்டைக் கையைப் பல்லால் பிடித்து இழுக்கும். தினம் நடப்பது, கடி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருநாள் காலை அப்பா போய் நின்றார், அது இழுக்கவில்லை. தலையைக் குனிந்து அப்படியே நின்றது. சம்பள ஆள், "அடடே, புத்தி வந்திருச்சு" என்றான்.

அப்பா அவனை ஓங்கி ஒரு அறை விட்டார். "புத்தியா? வெளையாடுற குதிரை வெளையாடலன்னா ஒண்ணு உடம்புல புண்ணு இருக்கு, இல்ல ஓடப் போவுது. வாரைத் தூக்கிப் பாருடா."

வயிற்று வாரைத் தூக்கினார்கள். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் பிடித்திருந்தது. அப்பா தானே மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, பத்து நாள் அதை வண்டியில் பூட்டவில்லை. புண் ஆறியதும் அது திரும்ப அவர் சட்டையை இழுத்தது. அன்றைக்கு அவர் அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எனக்கு இன்றும் ஆத்திரம் வரும் இடம் இது. குதிரையின் மௌனத்தைப் படிக்கத் தெரிந்த மனுஷன், தன் வீட்டு அடுப்பங்கரையில் கேட்ட மௌனத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

என்ன நடந்திருந்தது என்பதை ஸ்டாண்டில் வண்டி ஓட்டிய ஒருவர் பல வருஷம் கழித்துச் சொன்னார். மத்தியானச் சோற்றை வீட்டுப் பெண்கள் தூக்குச் சட்டியில் வைத்து ஸ்டாண்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் ஜட்காக்காரர்கள் வழக்கம். மழை பிடித்த அந்த வாரம் ஒரு சிப்பாய் அண்ணனிடம் சவாரிக்குக் கூலி தர மறுத்து, அவன் கன்னத்தில் அறைந்து, தலைப்பாகையைப் பிடுங்கி லத்தியில் போட்டு மிதித்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் நகரவில்லை. அரை மணி கழித்துத்தான் அண்ணி தூக்கோடு வந்தாள். ஒன்றும் தெரியாது அவளுக்கு. வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "இன்னா, ஜட்காத் தொரை இன்னிக்குத் தொப்பி இல்லாம?" என்றாள். சிப்பாயைப் பார்த்துச் சிரிக்க முடியாத அத்தனை பேரும் அப்போது சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கை அவளிடம் கொடுத்தான். வீடு திரும்பியதும் அதே தூக்கால் அவளை அடித்தான். அந்தச் சிப்பாய்க்குத் திருப்பிக் கொடுக்க முடியாத அறையை அவளுக்குக் கொடுத்தான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. இனிமேல் இந்த வீட்டில் உன் வாயிலிருந்து ஒரு கேலி வந்தால் நாக்கை இழுத்து வைத்து அறுப்பேன் என்று அவன் சொன்னதும் தெரியாது. சத்தமில்லாமல் அடிக்க அவனுக்குத் தெரியும், அப்பாவிடம் கற்றதுதான்.

ஆனால் ஒரு குறிப்பு எனக்குக் கிடைத்தது, அதையும் தப்பாகப் படித்தேன். அண்ணனுக்கு ஓசூர் பக்கம் இரண்டு நாள் சவாரி வந்தது. முதல் நாள் முழுக்க அண்ணி 'சரிம்மா'வாகவே இருந்தாள். ஆனால் தெருவில் சக்கரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றுவிட்டது. அடுத்த நாள் பத்து மணிக்குப் பால்கார அம்மா வந்து, "பாலு எப்படி இருக்கு?" என்று கேட்க, "நல்லா இருக்கு, கிணத்துல மீனு கூட நேத்து கேட்டுச்சு, எங்க தண்ணி எங்கன்னு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். மத்தியானம் நான் ஓட்டைப்பல்லு ஆகிவிட்டேன். சாயங்காலம் கிணற்றடியில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, "ஜட்காத் தொரை வராரு, வழிவிடு" என்று வாளியை வண்டியாக ஓட்டிக் காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். 'சரிம்மா' திரும்பிவிட்டது.

என்மேல் மட்டும் கோபம் என்றால் பால்கார அம்மாவிடமும் ஏன் நின்றிருந்தது, அண்ணன் இல்லாதபோது எல்லோரிடமும் ஏன் திரும்பியது? இதை அப்போது கூட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் கூட்டவில்லை. நான் செய்தது வேறு. நின்ற கேலியை எப்படியாவது திரும்பக் கிளப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளைச் சிரிக்க வைத்தது எது? அந்தத் தலைப்பாகை. சரி, அதையே செய்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்த நேரம். கறிக்குழம்பு. நான் துண்டை எடுத்துத் தலையில் கோணலாகக் கட்டிக்கொண்டேன். "ஜட்காத் தொரை வராரு, வழிவிடு" என்று சொம்பை வண்டியாக ஓட்டிக்கொண்டு பந்தியைச் சுற்றி வந்தேன். அப்பா சிரித்தார். அம்மாகூடச் சிரித்தாள். "யாருடி சொல்லிக் குடுத்தது?" என்று அண்ணனும் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணிதான். நீ ஓசூர் போனப்போ கிணத்தடியில இப்படித்தான் ஓட்டிக் காட்டுச்சு."

அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியில் இருந்த குழம்பு நிற்காமல் தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

அண்ணன் சாப்பாட்டை முடித்தான். கை கழுவினான். "குதிரைக்குத் தண்ணி காட்டணும், வா" என்று அவளைக் கூப்பிட்டான். லாயக் கதவு உள்ளே தாழிடும் சத்தம் கேட்டது. நல்ல வெயில் அன்றைக்கு. அப்புறம் சாட்டைக் கம்பின் சத்தம். வார் சத்தத்துக்கு ஒரு விசில் உண்டு, கம்பின் சத்தத்துக்கு அதில்லை. நான் எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. அண்ணியின் குரல் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் பாதி. குதிரைகள் நான்கும் பலகையை உதைத்தன. நான் ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் குத்தினேன். அம்மா என்னைப் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வேளைக்கு எதுவும் அரைக்க இல்லாதபோதும் அம்மியின் முன்னால் உட்கார்ந்து சத்தமாக எதையோ அரைத்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை, கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணி எனக்குத் தலைவாரினாள். கை மேலே தூக்கும்போது மூச்சை இழுத்தாள். நான் திரும்பி அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினேன். அவள் தடுக்கவில்லை. புதிய அடியின் கருநீலத்துக்குக் கீழே பழைய அடியின் மஞ்சள் இருந்தது. மழை பிடித்த நாளிலிருந்து இருந்த மஞ்சள் அது. நான் தொலைத்த சீப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான் சொன்னதாலதான அண்ணி?" என்று அழுதேன்.

"இல்லம்மா. நீ சின்னப்புள்ள" என்றாள். கேலி செய்யும்போது என்னைச் சின்னப்பிள்ளை என்று அவள் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு வந்த அமைதி வேறு மாதிரி. முதலில் இருந்ததில் பயம் இருந்தது. சக்கரச் சத்தத்துக்குக் கை நிற்கும், பதில் அவசரமாக வரும். இதில் அவசரமே இல்லை. சக்கரச் சத்தத்துக்கு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் பேசும் குரல் மெதுவாக, ரொம்பப் பிரியமாக இருந்தது. "நீயே பின்னிக்கக் கத்துக்கோ" என்று மூன்று கால் பிரித்துக் காட்டினாள். தகரப் பெட்டியிலிருந்த வட்டக் கண்ணாடியை எனக்குக் கொடுத்தாள். அம்மாவின் கால் வெடிப்புக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். அண்ணன் கேட்காமலே வெந்நீர் வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் மகா சந்தோஷம்.

எனக்கு மட்டும் இல்லை. குதிரையைப் பற்றி 'இல்ல ஓடப் போவுது' என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. ஓடத்தான் போகிறாளா, அல்லது கிணற்றிலா? கிணற்றடிக்கு அவள் போகும்போதெல்லாம் பின்னாலேயே போனேன். கடைசியில் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, அண்ணி கேலியே பண்ண மாட்டேங்குதுப்பா."

"நல்லதுதான."

"பழுப்புக் குதிரை மாதிரி இருக்குதுப்பா."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பிறகு புறங்கையால் என் வாயில் ஒன்று கொடுத்தார். "பொம்பளையும் குதிரையும் ஒண்ணாடி?" என்றார். குதிரைக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை அதிகம் என்று சொல்லத் தெரியாத வயசு.

ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணி தூக்கு எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். அண்ணி அன்றைக்குத் தடித்துத் தெரிந்தாள். நடக்கும்போது உள்ளே இன்னொரு சேலை ஓரம் தெரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சேலை. கையில் தூக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. தெரு முனையில் பால்கார அம்மா எதிரே வந்து, அண்ணியின் உள்ளங்கையில் ஒரு சின்ன அட்டையை அழுத்திவிட்டு நிற்காமல் போனாள். ரயில் டிக்கெட் என்று எனக்குத் தெரியும். கிணறு இல்லை என்ற நிம்மதியில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்டாண்டில் தூக்கைக் கொடுத்தாள். "தண்ணி புடிச்சாறேன்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு பிளாட்பாரக் குழாய்ப் பக்கம் போனாள். போகும்முன் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். மெட்ராஸ் பாசஞ்சர் வந்து நின்றுவிட்டிருந்தது. அது பௌரிங்பேட்டையில் நிற்கும், அங்கிருந்து தங்கவயல்.

அண்ணன் வண்டிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். "எங்கடி உங்க அண்ணி? தண்ணி புடிக்க இவ்ளோ நேரமா?"

வேறொரு நாளாக இருந்தால், 'ஏன், நீயே போய்ப் புடிச்சாறதுதான, கால்ல லாடமா அடிச்சிருக்கு?' என்று கேட்டிருப்பேன். அவனிடம் அப்படித்தான் பேசுவேன், ஒரு குட்டு வாங்குவேன், அது எங்களுக்குள் வாடிக்கை. அன்றைக்கு அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில், கையைக் கட்டிக்கொண்டு, "தெரியலண்ணா" என்றேன்.

அவன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் என்னைப் பார்த்தான். 'தெரியலண்ணா' என்று நான் அவனிடம் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அவனும் குதிரைக்காரன் மகன்தானே. தூக்கை அப்படியே போட்டுவிட்டு, சாட்டையை உருவிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினான். மரியாதையாகப் பேசியே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று தெரிந்து நானும் ஓடினேன்.

அண்ணி ரயில் படியில் ஒரு கால் வைத்திருந்தாள். அவன் பின்னலைப் பிடித்துச் சுழற்றி இழுத்தான். அவள் மல்லாந்து பிளாட்பாரத்தில் விழுந்தாள், சொம்பு உருண்டு தண்டவாளத்துக்குப் போயிற்று. சாட்டையைத் திருப்பிப் பிடித்துக் கம்பால் அடித்தான். தோளில், இடுப்பில், தடுத்த கையில். கூட்டம் வட்டமாக நின்றது. ஜன்னல் வழியே சிப்பாய்கள் எட்டிப் பார்த்து விசில் அடித்தார்கள். டிக்கெட் பார்ப்பவர் குனிந்து, "ஏம்மா, புருஷன்கூட மரியாதையா வீட்டுக்குப் போம்மா" என்று அடி வாங்குகிறவளுக்குப் புத்தி சொன்னார். அண்ணி கத்தவில்லை. படிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் அந்த விரல்களைக் குறிவைத்து ஓங்கினான்.

நான் அவன் மணிக்கட்டில் தொங்கிக் கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. தோல் கிழிந்து உப்பு ருசி வந்தது, உள்ளே நரம்பு பல்லில் வழுக்கியது. அவன் உதறினான், நான் விடவில்லை. இடது கையால் என் முகத்தில் குத்தினான், விடவில்லை. இரண்டாவது குத்தில் பாதியாக இருந்த பல் முழுசாகப் போயிற்று. சாட்டை கீழே விழுந்தது. வண்டி ஊதியது. அண்ணி எழுந்தாள், ஏறினாள். உள்ளிருந்து ஒரு கிழவி அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலில் அண்ணி முகம். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது. என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். தரையில், வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏய் ஓட்டைப்பல்லு" என்று கத்தினாள், வண்டிச் சத்தத்துக்கு மேலே. "அந்தப் பல்லை வெச்சிக்கினு எப்படிடி கடிச்ச?"

புருவத்தைத் தூக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நான் சொல்வதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

அன்றைக்கு அப்பா என்னைக் கடிவாள வாரால் அடித்தார். அந்தத் தழும்பு இரண்டு இன்னும் முதுகில் இருக்கின்றன. அண்ணனுக்குக் கை சீழ் பிடித்து, கடைசிவரை சுண்டுவிரல் மடங்கவில்லை. அண்ணி திரும்பி வரவில்லை. தங்கவயல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள் என்று பால்கார அம்மா மூலம் தெரிந்தது. அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. வட்டக் கண்ணாடியை அம்மா கிணற்றில் எறிந்தாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதைச் சொல்ல உட்கார்ந்ததே இனி வருவதற்காகத்தான்.

எனக்குப் பத்தொன்பதில் கல்யாணமாயிற்று. தொம்மலூரில் குடித்தனம், கணவர் பள்ளிக்கூட வாத்தியார், தெருவே மெச்சும் சாது. நாலாம் வருஷம் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் அண்ணி நிற்கிறாள். முன்தலை நரைத்திருந்தது, அன்றைக்கு ரயில் படிக் கம்பியைப் பிடித்திருந்த கையின் இரண்டு விரல் கோணல். விலாசத்தை யாரிடமோ கேட்டுத் தேடி வந்திருந்தாள். கணவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, புதுப் பல்லு முளைச்சுதா இல்லையா? காத்து இன்னும் வருதா?" என்றாள் வாசலிலேயே, பழைய புருவத்தோடு.

பதில் என்னிடம் இருந்தது. பதினாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் உள்ளே பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க அண்ணி. உக்காருங்க. காப்பி கொண்டாறேன்" என்றேன்.

அண்ணி உட்காரவில்லை. காப்பியை வாங்கினாள், குடிக்காமல் தரையில் வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருவம் மெல்ல இறங்கியது. பிறகு கோணல் விரலால் என் ரவிக்கைக் கையைப் பிடித்து, ஒன்றும் கேட்காமல், மேலே சுருட்ட ஆரம்பித்தாள்.